நூற்றுப் பன்னிரண்டு முடி

பெரிய மாப்பிள்ளைக்குச் சின்ன மாப்பிள்ளையின் தலைமுடியைக் கண்டாலே ஆகாது. ஆளைக்கூட எப்படியோ பொறுத்துக்கொள்வார். அந்த முடியைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரே வீட்டில் அக்காவைக் கட்டியவர் இவர், தங்கையைக் கட்டியவர் அவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமியார் வீட்டில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும். குனிந்து சாப்பிடுகிற ஆளின் உச்சந்தலை, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறவர் கண்ணில் படாமல் போகுமா? பட்டுக்கொண்டே இருந்தது, ஒன்பது வருஷமாக.

வயிறு எரியாமல் என்ன செய்யும், சொல்லுங்கள். சின்ன மாப்பிள்ளை லாரிப் பட்டறையில் மெக்கானிக். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட். சனிக்கிழமையானால் கூட்டாளிகளோடு குடி. தூக்கம் என்பது அவருக்கு நாலு மணி நேரம், அதுவும் மனசு வைத்தால்தான். அப்படிப்பட்டவருக்குச் சீப்பு உள்ளே போனால் வெளியே வர மறுக்கிற முடி. பெரிய மாப்பிள்ளையோ பீடி நாற்றம் வந்தால் தெருவின் அடுத்த பக்கம் மாறி நடக்கிறவர். பத்து மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறவர். முப்பத்திரண்டு வயதிலேயே உச்சியில் விளக்கு வெளிச்சம் விழுந்தால் தோல் தெரிய ஆரம்பித்துவிட்டது. இதற்கு மேல் மாமியார் வேறு, பரிமாறும்போது சின்ன மாப்பிள்ளையின் தலையைப் பார்த்துவிட்டு, "இந்த முடி என் பொண்ணுக்கு இருந்திருக்கக் கூடாதா" என்று வாரா வாரம் சொல்லிவிட்டுப் போவார்.

பழி தீர்க்கப் பெரிய மாப்பிள்ளையிடம் ஒரே ஆயுதம்தான் இருந்தது. சின்ன மாப்பிள்ளைக்கு உச்சியில் இரட்டைச் சுழி. "ரெட்டைச் சுழிக்காரனுக்கு ரெண்டு பொண்டாட்டியாம், பாத்துக்கம்மா" என்று கொழுந்தியாளைப் பார்த்துச் சொல்லிச் சிரிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவருடைய மனைவி மட்டும் ஒருமாதிரி அவரைப் பார்த்துவிட்டுக் குழம்பை எடுக்கப் போய்விடுவாள். அது ஏன் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

இத்தனைக்கும் பெரிய மாப்பிள்ளைக்குச் சோறு போடுவதே முடிதான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தோல் பிரிவில் முடி எண்ணுவது அவர் வேலை. சிரிக்காதீர்கள், அப்படி ஒரு வேலை உண்டு. ஆராய்ச்சிக்கு வருகிறவரின் உச்சியில் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவு முடியை ஒட்ட வெட்டி, நடுவே ஊசிமுனை அளவு பச்சைப் புள்ளி குத்தி, அந்த இடத்தைப் பல மடங்கு பெரிதாக்கிப் படம் எடுப்பார்கள். சுற்றியுள்ள முடி அதை மூடிக்கொள்ளும், வெளியே தெரியாது. ஒரு வருஷம் கழித்து அதே ஆள் வந்தால் அந்தப் புள்ளியை வைத்து அதே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். படம் திரைக்கு வந்ததும் அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு முடியின் மேலும் அம்புக்குறியை வைத்துத் தட்ட வேண்டும். தடித்த முடிக்குப் பச்சை, மெலிந்த பூனைமுடிக்கு மஞ்சள். கடைசியில் பச்சை எத்தனை என்பதுதான் கணக்கு. பக்கத்து அறையில் இன்னொருத்தி, கண்ணாடிக்காரி என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண், அதே படங்களைத் தனியாக எண்ணுவாள். யார் தலை என்று இருவருக்குமே தெரியாது. படத்துக்கு எண் மட்டும்தான் உண்டு.

அந்த வருஷம் வந்த ஆராய்ச்சி, புகை, குடி, தூக்கமின்மை மூன்றுக்கும் முடி அடர்த்திக்கும் உள்ள தொடர்பு பற்றியது. பெரிய மாப்பிள்ளைக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி இருந்தது. முதல் நாள் கூட்டத்தில் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்.

"ஏற்கெனவே தெரிஞ்சதை முதல்ல சொல்லிடறேன். சிகரெட்டைப் பத்தி ஓரளவு தெளிவா இருக்கு. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பாத்ததுல, ஆம்பளைங்களுக்கு வர்ற வழக்கமான வழுக்கை, புகைக்கிறவங்ககிட்ட கூடுதலா இருக்கு. கிட்டத்தட்ட ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. ரத்தக் குழாய் சுருங்கறது, புகையில இருக்கிற நச்சு முடியோட வேரைக் கெடுக்கறதுன்னு காரணம் சொல்றாங்க. குடி விஷயத்துல அப்படி இல்ல. சேர்த்துப் பாத்தா உறுதியா ஒண்ணும் நிக்கல. தூக்கம் கெட்டவங்ககிட்ட முடி கம்மியா இருக்குன்னு சில பேர் கண்டிருக்காங்க. ஆனா தூக்கம் கெட்டதால முடி போச்சா, முடி போற கவலையில தூக்கம் போச்சான்னு தெரியாது. அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சி. எல்லாத்துக்கும் மேல பரம்பரைன்னு ஒண்ணு இருக்கு. நாம சொல்றது ஒரு கூட்டத்தைப் பத்தி. தனி ஆளைப் பத்தி எதுவும் சொல்ல முடியாது. சொந்தக்காரங்க யாராவது இதுல சேர்ந்தா உடனே எங்கிட்ட சொல்லிடுங்க."

இதில் சிகரெட் என்கிற வார்த்தை மட்டும் பெரிய மாப்பிள்ளையின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மற்றதெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்.

இரண்டு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் சின்ன மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார்.

"அண்ணே, உங்க ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கு நானும் போய்த் தலையைக் கொடுத்துட்டு வந்தேன். புகைக்கிறவங்க வேணும்னு பட்டறைப் பக்கம் நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க."

"அப்படியா சகலை, நல்லது" என்றார் பெரிய மாப்பிள்ளை. திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அந்தப் படம் கைக்கு வராமல் போய்விடுமே.

அன்றிலிருந்து அவர் எண்ணுகிற முறையே மாறிப்போனது. முன்பெல்லாம் படம் வந்ததும் நேராக முதல் கட்டத்துக்குள் போய்விடுவார். முழுப் படத்தை ஏறிட்டும் பார்க்கமாட்டார். இப்போது ஒவ்வொன்றையும் முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு தேடினார். வெட்டிய முடியின் அடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால் சுழியின் போக்கு தெரிந்துவிடும். இரண்டு சுழிக்கு நடுவே எடுத்த படமென்றால் பாதி முடி ஒரு பக்கமும் பாதி முடி எதிர்ப்பக்கமும் சாயும். பதினெட்டு நாள் தேடினார். பத்தொன்பதாம் நாள் இருநூற்றுப் பதினாலாம் எண் படம் திரையில் விரிந்தது. முடி எதிரெதிராகச் சாய்ந்திருந்தது. நடுவே பச்சைப் புள்ளி.

மாட்டினாயா மகனே என்று அவர் மனசு துள்ளியது.

முழுப்பொய் எழுதினார் என்று சொல்ல முடியாது. அப்படிச் செய்ய அவருக்குத் துணிச்சல் கிடையாது. தடித்ததா மெலிந்ததா என்று சந்தேகம் வருகிற முடி எல்லாப் படத்திலும் உண்டு. அளவுகோலை வைத்து அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். அவர் அளக்கவில்லை. சந்தேகம் வந்ததையெல்லாம் மஞ்சளில் தள்ளினார். சந்தேகமே வராத சிலதையும் தள்ளினார். கடைசியில் பச்சை நூற்றுப் பன்னிரண்டு. அந்த எண்ணைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு குளிர்ந்தது. தானே தள்ளிவிட்ட முடிகளை மறந்து, அது உண்மை என்றே நம்பவும் ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு அவர் தூங்கிய தூக்கம் மாதிரி அந்த ஒன்பது வருஷத்தில் தூங்கியதில்லை.

சரி, அதோடு விட்டாரா? அந்த ஞாயிற்றுக்கிழமையே வாயைத் திறந்தார். மாமியார் வழக்கம்போல முடிப் பேச்சை எடுத்ததும், "முடியெல்லாம் பாக்கறதுக்கு அப்படித்தான் இருக்கும் அத்தை. பெருசாக்கிப் பாத்தாத்தான் தெரியும். சகலைக்கு உச்சியில ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நூத்திப் பன்னெண்டுதான். என் கண்ணால எண்ணினேன். புகை, குடி, தூக்கமில்லாம சுத்தறது எல்லாம் சேர்ந்து வேரையே தின்னுடும்னு ஆராய்ச்சி சொல்லுது" என்றார்.

கொழுந்தியாள் முகம் வெளிறியது. "நான் எத்தனை தடவை சொன்னேன் சிகரெட்டை விடுங்கன்னு" என்று புருஷனிடம் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. சின்ன மாப்பிள்ளை பெரிய மாப்பிள்ளையை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். கோபமில்லை, பயமுமில்லை. என்ன பார்வை என்று இவருக்குப் பிடிபடவில்லை. "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி குனிந்து சாப்பிட்டார். இரட்டைச் சுழி அப்படியே முழுசாக, கறுகறுவென்று தெரிந்தது.

அடுத்த மாதம் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் ஒரே ஒரு தாள் இருந்தது.

"உட்காருங்க. பத்துல ஒண்ணு சோதனைப் படம், அதை வேற எண் போட்டு, சாய்ச்சுத் திருப்பி, மறுபடி உங்களுக்கே அனுப்புவோம்னு தெரியும்ல? ஒரே கை ரெண்டு தடவை ஒரே மாதிரி எண்ணுதான்னு பாக்க."

"தெரியும் டாக்டர்."

"வழக்கமா உங்களுக்கு ரெண்டு மூணு முடிதான் வித்தியாசம் வரும். அதுக்குத்தான் உங்களை வெச்சிருக்கேன். இந்தப் படத்துல மொதல் தடவை நூத்திப் பன்னெண்டு. இருபத்தஞ்சு நாள் கழிச்சு நூத்தி நாப்பத்தி மூணு. பக்கத்து ரூம் பொண்ணு ரெண்டு தடவையும் நூத்தி நாப்பத்தி நாலு. என்ன ஆச்சு?"

பெரிய மாப்பிள்ளைக்கு அப்போதுதான் புரிந்தது. தேடின ஆள் கிடைத்துவிட்டான் என்று ஆனபிறகு அவர் முழுப் படத்தைப் பார்ப்பதையே விட்டிருந்தார். பழையபடி கட்டம் கட்டமாக, ஒழுங்காக எண்ணியிருந்தார். அதே தலை மறுபடி வந்தது தெரியாமல் உண்மையை எழுதிவைத்துவிட்டார்.

"கண் அசதி டாக்டர். தூக்கம் சரியில்ல."

"முப்பத்தி ஒரு முடி, எல்லாமே பச்சையிலேருந்து மஞ்சளுக்கு மட்டும் போயிருக்கு. அசதின்னா ரெண்டு பக்கமும்ல தப்பு வரணும்."

அந்த அம்மா அதட்டவில்லை. அதட்டியிருந்தால் இவரும் ஏதாவது சாதித்திருப்பார். அவர் பாட்டுக்குத் தாளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பதினொரு வருஷமாக இந்த மனிதனின் எண்ணிக்கையை மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டவர் அவர். பெரிய மாப்பிள்ளை சொல்லிவிட்டார். சகலை, இரட்டைச் சுழி, சொல்லாமல் மறைத்தது, தேடியது, தள்ளியது, சாப்பாட்டில் பேசியது வரைக்கும்.

"பொறாமைதான் டாக்டர். வேற ஒண்ணுமில்ல."

டாக்டரம்மா பெட்டியைத் திறந்து இன்னொரு பட்டியலை எடுத்தார்.

"யார் சேர்ந்திருக்காங்க, யார் சேரலைங்கறதை உங்ககிட்ட நான் சொல்லக் கூடாது. ஆனா இது ஆராய்ச்சிக்கு வந்த ஆள் இல்ல. திரும்பத் திரும்ப அனுப்பற சோதனைப் படத்துக்கு நம்ம ஆளுங்க தலையைத்தான் வெச்சிருக்கோம். கேமரா புதுசா வந்த வாரம் எல்லாரும் உட்கார்ந்து எடுத்துக்கிட்டமே, ஞாபகம் இருக்கா? இது நாலாவது ஆள்." அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். "இது உங்க தலை."

"எனக்கு ஒத்தைச் சுழிதான் டாக்டர்."

"உங்க உச்சியை நீங்க எப்பப் பாத்தீங்க?"

பெரிய மாப்பிள்ளையின் கை தானாக உச்சிக்குப் போனது. அவர் அறையை விட்டு எழுந்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது. அவர் எண்ணிய படங்கள் அத்தனையையும் வேறு ஆள் மறுபடி எண்ணுவார். ஆறு மாதத்துக்கு அவர் எண்ணக் கூடாது, படத்துக்கு எண் போடும் வேலை மட்டும்தான். பிறகு தேர்வு வைத்துப் பார்ப்பார்களாம். "இன்னொண்ணு. வீட்டுல போய்ச் சொன்ன பொய்யை நீங்கதான் திருப்பி வாங்கணும். அதை நான் செய்ய முடியாது" என்றார் டாக்டரம்மா.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, மனைவியிடம் தலையைக் குனிந்து காட்டினார்.

"எத்தனை சுழி இருக்கு பாரு."

"ரெண்டு" என்றாள் அவள், பார்க்காமலே.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணமான புதுசுல எண்ணெய் தேய்ச்சு விட்டப்பவே தெரியும். நீங்க அவரைப் போட்டு ரெட்டைச் சுழி ரெட்டைச் சுழின்னு கிண்டல் பண்ணிட்டு இருந்தீங்க. எல்லார் முன்னாடியும் உங்களை எதுக்கு விட்டுக்கொடுக்கணும்னு இருந்துட்டேன்."

மறுநாள் மதியம் பட்டறைக்குப் போனார். ஒரு லாரியின் அடியிலிருந்து சின்ன மாப்பிள்ளை தவழ்ந்து வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "வாங்கண்ணே, என்ன இவ்வளவு தூரம்" என்று ஒரு பழைய டயரைத் தட்டி உட்காரச் சொன்னார். சிகரெட்டைப் பற்ற வைக்கப் போனவர், வந்தவர் யாரென்று நினைவு வந்து திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பெரிய மாப்பிள்ளை பூசி மெழுகாமல் சொல்லி முடித்தார். சொல்லும்போது தரையில் கிடந்த நட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என் தலை இல்லைன்னு அன்னைக்கே தெரியும்ணே" என்றார் சின்ன மாப்பிள்ளை.

"எப்படி?"

"தலையைக் கொடுத்தேன்னு சும்மா பெருமைக்குச் சொன்னேன், அவங்க படமே எடுக்கல. தாள்ல கேள்வி கேட்டாங்க, தலைக்கு ஏதாவது மருந்து தடவறீங்களான்னு. ஆமாம்னேன். அப்போ இதுல சேர்க்க முடியாதுன்னு அனுப்பிட்டாங்க."

"என்ன மருந்து?"

சின்ன மாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணித்தார். "முடி வளர்ற மருந்துதான். நாலு வருஷமாச்சு. காலையில ஒரு தரம், ராத்திரி ஒரு தரம். எங்கப்பாவுக்கு முப்பது வயசுல ஒண்ணுமே இல்லண்ணே, எனக்கும் கொட்ட ஆரம்பிச்சுச்சு. தோல் டாக்டர்தான் எழுதிக் கொடுத்தார். நிறுத்தினா வந்ததெல்லாம் போயிடும்னார். சிகரெட்டை விடுன்னும் சொன்னார், அதைத்தான் விட முடியல. வீட்டுல பொடுகுக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். தெரிஞ்சா அத்தை முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அன்னைக்கே என்னைப் பொய்யன்னு சொல்லியிருக்கலாமே சகலை."

"சொன்னா, ஏன் படம் எடுக்கலைன்னு கேப்பாங்களே. அதுவும் போக, ஆஸ்பத்திரியில நீங்க பெரிய வேலை பாக்கறீங்கன்னு எல்லாரும் உங்க பேச்சுக்கு ஒரு மரியாதை வெச்சிருக்காங்க. அதை நான் எதுக்குக் கெடுக்கணும்?"

பெரிய மாப்பிள்ளைக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். முடிதான் கடையில் வாங்கியது என்று ஆகிவிட்டதே, கொஞ்சம் ஆறியிருக்கலாம் அந்த வயிறு. ஆறவில்லை. முடி போனால் போகட்டும், இந்த மனசு மட்டும் இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று அது புதிதாக எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்ததும், மாமியார் கரண்டியை எடுக்குமுன் பெரிய மாப்பிள்ளை பேசினார்.

"அத்தை, அன்னைக்கு நான் சொன்னது பொய். அது இவர் தலையே இல்ல. என் தலை. வேணும்னே குறைச்சு எண்ணி, இவர் மேல போட்டேன். ஆஸ்பத்திரியில தெரிஞ்சுபோய் எண்ணற வேலையிலேருந்து எடுத்துட்டாங்க. குடியும் தூக்கமும் முடியைத் தின்னும்னு நான் அடிச்சுச் சொன்னதும் தப்பு, அது இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது. சிகரெட் மட்டும் கெடுதல்னு தெரியும். அதை விடச் சொன்னது சரிதான்."

மனைவி அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். கொழுந்தியாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். மாமியாருக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும் மாப்பிள்ளை. இந்த முடியாவது கொட்டறதாவது. இது அவருக்குப் பொறப்புலேயே வந்தது." ஒரு கரண்டி கூடுதலாகச் சின்ன மாப்பிள்ளையின் இலையில் வைத்தார். பிறகு இரக்கத்தோடு பெரிய மாப்பிள்ளையின் உச்சியைப் பார்த்தார். "மனசுல வெச்சுக்கிட்டுப் புழுங்கறதுக்கு, தலைக்கு என்ன போடறார்னு அவர்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

சின்ன மாப்பிள்ளையின் கை இலையில் அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

ஒன்பது வருஷத்துப் பழி ஒரே வார்த்தையில் தீர்ந்துவிடும். அந்த வார்த்தை பெரிய மாப்பிள்ளையின் நாக்கு நுனிவரை வந்து உட்கார்ந்தது. சோற்றைப் பிசைந்தார். குனிந்திருந்த அந்த இரட்டைச் சுழியைப் பார்த்தார்.

"கேட்டேன் அத்தை" என்றார். "ஒண்ணும் போடறதில்லையாம்."